தினசரி சார்ட்டில் சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ் ஜோன் வரைவது எப்படி? புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

சார்ட்டில் கிடைக்கோடு போடுவது நொடி வேலை. கருவியை எடுத்து ஓரிடத்தில் அழுத்தினால் கோடு விழுந்துவிடும். எந்த விலையில் அழுத்துவது என்பதில்தான் சிக்கல். ஒரே சார்ட்டை நான்கு பேரிடம் கொடுத்தால் நான்கு விதமாகக் கோடு போடுவார்கள். அதே ஆளிடம் அடுத்த வாரம் கொடுத்தால் ஐந்தாவது விதமும் வரும். ஒவ்வொரு முறையும் இடம் மாறுகிற கோட்டை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது. அதனால் இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்துக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்: ஜோனின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் மாறாத ஒரு விதியின்படி தீர்மானிப்பது எப்படி என்பதற்கு.

முதலில் கேண்டில்

தினசரி சார்ட்டில் ஒரு கேண்டில் ஒரு வர்த்தக நாளைக் குறிக்கும். அதில் நான்கு விலைகள் இருக்கின்றன: நாள் தொடங்கிய விலை, அன்றைய உச்சம், அன்றைய தாழ்வு, நாள் முடிந்த விலை. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட தடித்த பகுதியை உடல் என்போம். அதற்கு மேலும் கீழும் நீளும் மெல்லிய கோடு விக். விலை அங்கே போனது, ஆனால் அங்கே நாளை முடிக்கவில்லை என்பதற்கான தடயம் அது. விளிம்பை எங்கே வைப்பது என்ற கேள்விக்கான விடை முழுக்க உடலுக்கும் விக்குக்கும் உள்ள இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

இறங்கிவந்த விலை நின்று மேலே திரும்பும் பகுதி சப்போர்ட். ஏறிப்போன விலை நின்று கீழே திரும்பும் பகுதி ரெசிஸ்டன்ஸ். இரண்டையும் ஒற்றை விலையாக நினைக்காமல் ஒரு பகுதியாக நினைப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே காத்திருக்கும் வாங்குபவர்களும் விற்பவர்களும் ஒரே எண்ணில் ஆர்டர் போடுவதில்லை. ஒருவர் முந்திக்கொண்டு இரண்டு புள்ளி முன்னால் விற்பார். இன்னொருவர் பழைய உச்சத்திலேயே விற்பார். அந்த உச்சத்துக்குச் சற்று மேலே, நஷ்டத்தை நிறுத்துவதற்கான ஸ்டாப் லாஸ் ஆர்டர்கள் கிடக்கும்.

இது வெறும் ஊகம் இல்லை. கரோல் ஓஸ்லர் என்ற பொருளியலாளர் ஒரு பெரிய வங்கிக்கு வந்த நாணயச் சந்தை ஆர்டர்களை ஆராய்ந்து 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். லாபத்தை எடுக்கப் போடப்பட்ட ஆர்டர்கள் பூஜ்யத்தில் முடியும் முழு எண்களிலேயே குவிந்திருந்தன. ஸ்டாப் லாஸ் ஆர்டர்களோ அந்த எண்களைச் சற்றுத் தாண்டிய இடங்களில் குவிந்திருந்தன. பலரும் கவனிக்கும் விலையைத் தொட்டதும் ஒரு நகர்வு அடங்குவதற்கும், அதைத் தாண்டிவிட்டால் வேகம் பிடிப்பதற்கும் இந்த அமைப்பு ஒரு விளக்கம் தருகிறது. விலை ஓர் எல்லையைச் சற்று மீறிவிட்டுத் திரும்புவதை அடிக்கடி பார்ப்பீர்கள். அந்த மீறலுக்கும் இடம் விட்டு வரைவதுதான் ஜோன்.

சார்ட்டைத் தயார் செய்வது

கால அளவை ஒரு நாள் என்று வையுங்கள். திரையில் ஏறக்குறைய ஒரு வருடம் தெரியும்படி சுருக்குங்கள், அதாவது சுமார் 250 கேண்டில்கள். இதைவிடக் குறைவாக இருந்தால் திருப்பங்கள் போதாது. மிக அதிகமாக இருந்தால் கேண்டில்கள் நூலாக மெலிந்து, உடல் எது விக் எது என்று தெரியாது. மற்ற இண்டிகேட்டர்கள் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். இண்டிகேட்டர் பட்டியலில் ATR என்று தேடி, 14 நாள் அமைப்பில் போடுங்கள். வெல்ஸ் வைல்டர் 1978-ல் அறிமுகப்படுத்திய அளவை இது. விலை ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதைச் சொல்லும். அன்றைய உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள இடைவெளிதான் அடிப்படை. முந்தைய நாள் முடிவிலிருந்து விலை தாவித் தொடங்கியிருந்தால் அந்தத் தாவலும் கணக்கில் சேரும். ஏறுமா இறங்குமா என்று இது சொல்லாது. நமக்கு அது தேவையும் இல்லை. இதை ஓர் அளவுகோலாக மட்டுமே வைத்துக்கொள்ளப் போகிறோம், ஏனென்றால் ‘தடிமனான ஜோன்’, ‘நல்ல தூரம் விலகியது’ போன்ற சொற்களுக்கு ஓர் எண் கிடைக்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தையும் உறுதி செய்துகொள்ளுங்கள். பங்குப் பிரிப்பு, போனஸ் பங்கு ஆகியவற்றுக்கு ஏற்பப் பழைய விலைகள் சரிசெய்யப்பட்ட சார்ட்டாக அது இருக்க வேண்டும். ஒரு பங்கு இரண்டாகப் பிரிக்கப்பட்டால் விலை ஒரே இரவில் பாதியாகும். சரிசெய்யப்படாத சார்ட்டில் அது பயங்கரமான வீழ்ச்சி போலத் தெரியும். அதற்கு முந்தைய திருப்பங்கள் எல்லாம் இன்றைய விலையோடு தொடர்பே இல்லாத உயரத்தில் நிற்கும். இன்றைக்கு வர்த்தகமாகும் விலையின் அருகே எந்தப் பழைய திருப்பமும் இல்லை என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

திருப்பங்களைக் குறிப்பது

இப்போது வலது ஓரத்திலிருந்து, அதாவது இன்றைய கேண்டிலிலிருந்து, இடப்பக்கமாகப் பார்வையை நகர்த்துங்கள். விலை திசை மாறிய இடங்களைத் தேடுகிறோம். உச்சத் திருப்பத்துக்கு விதி இது: ஒரு கேண்டிலின் உச்சம், அதற்கு இடப்பக்கமுள்ள மூன்று கேண்டில்களின் உச்சத்தையும் வலப்பக்கமுள்ள மூன்றின் உச்சத்தையும்விட உயரமாக இருக்க வேண்டும். தாழ்வுத் திருப்பத்துக்கு இதையே தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள். இதிலிருந்து ஒரு விளைவு வருகிறது. நேற்று உண்டான உச்சத்தை இன்று திருப்பம் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் வலப்பக்கத்தில் இன்னும் மூன்று கேண்டில்கள் வரவில்லை. புதியவர்கள் மிக அதிகமாக மீறும் விதி இதுதான்.

இப்படித் தேடினால் ஒரு வருட சார்ட்டில் நிறையத் திருப்பங்கள் கிடைக்கும். எல்லாம் நமக்கு வேண்டாம். திரும்பிய பிறகு விலை குறைந்தது இரண்டு ஏடிஆர் தூரமாவது விலகிப் போயிருக்கிறதா என்று பாருங்கள். ஏடிஆர் 11 என்றால் 22 புள்ளிகள். அந்தத் தூரம் போகாத திருப்பத்தை விட்டுவிடுங்கள், அது நாளாந்த ஆட்டத்தின் ஒரு பகுதி. மிஞ்சியவற்றில், ஏறக்குறைய ஒரே உயரத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட திருப்பங்கள் இருந்தால் அங்கே ஜோன் வரையலாம்.

அடுத்தடுத்த நாட்களில் மூன்று முறை தொட்டிருந்தாலும் அதை ஒரு தொடுதலாகவே எண்ண வேண்டும். விலை விலகிப் போய், மீண்டும் வந்து, மீண்டும் திரும்பினால்தான் அது இரண்டாவது தொடுதல்.

விளிம்புகள்

ரெசிஸ்டன்ஸிலிருந்து தொடங்குவோம். விலை கீழேயிருந்து வருகிறது, அதனால் முதலில் சந்திப்பது ஜோனின் கீழ் விளிம்பு. இதை உள் விளிம்பு என்போம். மேல் விளிம்பு வெளி விளிம்பு.

உள் விளிம்பை உடல்கள் தீர்மானிக்கின்றன. ஒவ்வொரு தொடுதலிலும் எந்தக் கேண்டிலின் உடல் மிக உயரத்தில் முடிந்ததோ அந்த உடலின் மேல் முனையைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று தொடுதல் என்றால் மூன்று எண்கள் கிடைக்கும், நடு எண்ணை எடுங்கள். இரண்டே இருந்தால் ஜோனைச் சற்று அகலமாக்கும் எண்ணை எடுங்கள்.

வெளி விளிம்பை விக்குகள் தீர்மானிக்கின்றன. எல்லாத் தொடுதல்களிலும் மிக உயரமான விக் நுனிதான் வெளி விளிம்பு. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரே ஒரு விக் மட்டும் அடுத்த உயரமான விக்கை அரை ஏடிஆருக்கு மேல் மீறி நின்றால் அதை ஒதுக்கிவிடுங்கள். ஏதோ ஒரு செய்தி வந்த நாளில் சில நிமிடங்கள் மட்டும் விலை எகிறி இறங்கியதன் மிச்சமாக அது இருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சேர்த்தால் ஜோன் வீங்கிப் பயனற்றுப் போகும்.

சப்போர்ட்டுக்கு எல்லாம் தலைகீழ். உடல்களின் கீழ் முனைகள் உள் விளிம்பைத் தரும், அது மேலே இருக்கும். விக்குகளின் தாழ்வு நுனி வெளி விளிம்பைத் தரும், அது கீழே இருக்கும்.

கடைசியாக அகலத்தைச் சரிபாருங்கள். என் அனுபவத்தில் அரை ஏடிஆருக்கும் ஒரு ஏடிஆருக்கும் இடைப்பட்ட அகலமே வேலைக்கு ஆகிறது. ஒன்றரை ஏடிஆரைத் தாண்டினால் வெவ்வேறு உயரத்திலுள்ள இரண்டு திருப்பங்களை ஒன்றாக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், பிரித்துப் பாருங்கள். கால் ஏடிஆர்கூட இல்லை என்றால் ஒரு நாளின் சாதாரண ஆட்டமே அதை மேலும் கீழுமாகக் கடந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் விலை நின்றதா உடைத்ததா என்றே சொல்ல முடியாது.

ஒரு சார்ட்டை முழுதாக வரைந்து பார்ப்போம்

விதிகள் எப்படி வேலை செய்கின்றன என்று காட்ட நானே அமைத்த ஒரு மாதிரி சார்ட் இது. விலைகளைப் புள்ளிகளாக வைத்துக்கொள்வோம். ஏடிஆர் 11. முதல் மாதத்திலிருந்து ஒன்பதாம் மாதம் வரை இப்படி நடக்கிறது.

முதல் மாதத்தில் விலை 481 வரை ஏறுகிறது. அந்த நாட்களில் மிக உயரமான உடலின் மேல் முனை 474. பிறகு இறங்கி, இரண்டாம் மாதத்தில் 428-ஐத் தொட்டுத் திரும்புகிறது, அங்கே உடலின் கீழ் முனை 434. நான்காம் மாதத்தில் மீண்டும் ஏறி 483-ஐத் தொடுகிறது, உடலின் மேல் முனை 475. அங்கிருந்து இறங்கி, 441-ல் திரும்பி மேலே வருகிறது.

இப்போது இரண்டு உச்சத் தொடுதல்கள் நம் கையில் இருக்கின்றன. நடுவில் விலை ஐம்பது புள்ளிக்கு மேல் விலகிப் போனதால் இவை தனித்தனித் தொடுதல்கள்தான். உள் விளிம்புக்கு 474, 475 என்ற இரண்டில் அகலத்தைக் கூட்டும் 474. வெளி விளிம்புக்கு 483. ஆக 474 முதல் 483 வரை ரெசிஸ்டன்ஸ் ஜோன். அகலம் 9 புள்ளிகள், ஏடிஆரில் சுமார் 0.8 பங்கு. ஒரு பெட்டியாக வரைந்துவிடுகிறோம்.

ஐந்தாம் மாதத்தில் ஒரு செய்தி நாள். விலை 466-ல் தொடங்கி 492 வரை எகிறுகிறது. அந்த நேரத்தில் திரையைப் பார்ப்பவருக்கு ஜோன் உடைந்துவிட்டது என்றே தோன்றும், வெளி விளிம்பை 9 புள்ளிகள் தாண்டிவிட்டதே! ஆனால் நாள் 473-ல் முடிகிறது. கேண்டில் முடியும்வரை அதன் வடிவம் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் தினசரி சார்ட்டில் வேலை செய்பவர் நாள் முடிவுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். அடுத்த வாரங்களில் விலை சரிந்து போகிறது. இது மூன்றாவது தொடுதல். உடல் முனைகள் இப்போது 474, 475, 473. நடு எண் 474, உள் விளிம்பு மாறவில்லை. 492 என்ற விக், அடுத்த உயரமான 483-ஐவிட 9 புள்ளி அதிகம். அரை ஏடிஆர் ஐந்தரைதான், எனவே அதை ஒதுக்குகிறோம். வெளி விளிம்பும் மாறவில்லை. அதைச் சேர்த்திருந்தால் ஜோன் 18 புள்ளி அகலத்துக்குப் போய், ஒன்றரை ஏடிஆர் வரம்பையே மீறியிருக்கும்.

அந்தச் சரிவு 426-ல் நிற்கிறது. உடலின் கீழ் முனை 433. இரண்டாம் மாதத் தாழ்வோடு சேர்த்தால் சப்போர்ட் ஜோன் கிடைக்கிறது: வெளி விளிம்பு 426, உள் விளிம்பு 434.

சரி, 441 என்னவாயிற்று? திரையில் பளிச்சென்று தெரியும் திருப்பம்தான், கை பரபரக்கும். ஆனால் ஐந்தாம் மாதச் சரிவில் விலை அந்த இடத்தைத் தயக்கமே இல்லாமல் கடந்து போயிற்று. ஒரே ஒரு முறை திரும்பி, அடுத்த முறை மதிக்கப்படாத இடத்தில் வரைவதற்கு எதுவும் இல்லை.

ஏழாம் மாதத்தில் விலை 487-ல் ஒரு நாளை முடிக்கிறது, அடுத்த நாளை 494-ல். இரண்டு முடிவுகளும் 483-க்கு மேலே. ரெசிஸ்டன்ஸ் உடைந்தது. விலை 521 வரை போய்த் திரும்புகிறது, அங்கே உடலின் மேல் முனை 514. எட்டாம் மாதத்தில் கீழே வந்து 476-ஐத் தொட்டு, 486-ல் நாளை முடித்து, பிறகு 509 வரை ஏறுகிறது.

இந்த எட்டாம் மாதத் திருப்பத்தை நிதானமாகப் பாருங்கள். மூன்று முறை விலையைக் கீழே தள்ளிய அதே 474–483 ஜோன், உடைந்த பிறகு விலையைத் தாங்கியிருக்கிறது. தாழ்வான 476 ஜோனுக்குள்ளேயே நின்றுவிட்டது. ரெசிஸ்டன்ஸ் உடைந்தால் சப்போர்ட் ஆகக்கூடும், சப்போர்ட் உடைந்தால் ரெசிஸ்டன்ஸ் ஆகக்கூடும். அங்கே விற்றுவிட்டு விலை ஏறியதைப் பார்த்தவர்கள், திரும்பி வந்தால் வாங்கலாம் என்று காத்திருப்பது இதற்குச் சொல்லப்படும் ஒரு காரணம். வரைபவருக்கு இதில் ஒரு வேலைதான். பெட்டியை அழிக்காமல் வலப்பக்கம் நீட்டிவிட்டு, பெயரை மாற்றுங்கள். இப்போது வெளி விளிம்பு 474, ஏனென்றால் விலை மேலேயிருந்து வருகிறது. இனி அதற்குக் கீழே முடியும் நாட்களைத்தான் உடைப்பாகப் பார்க்க வேண்டும்.

ஒன்பதாம் மாதமான இன்று விலை 503. மேலே 514–521 பகுதியில் ஒரே ஒரு தொடுதல் இருக்கிறது. அதைப் புள்ளிக்கோட்டுப் பெட்டியாக மட்டும் குறித்து வையுங்கள், இரண்டாவது திருப்பம் வந்தால் முழு ஜோனாக்கலாம். முழு எண் என்பதற்காக 500-ல் கோடு போடத் தோன்றும். இந்தச் சார்ட்டில் அங்கே எந்தத் திருப்பமும் இல்லை, எனவே வேண்டாம். ஒன்பது மாத விலை நகர்வுக்கு இரண்டு முழு ஜோன்களும் ஒரு தற்காலிகப் பெட்டியும் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. ஒரு வருட தினசரி சார்ட்டில் ஆறேழு பெட்டிகளுக்கு மேல் வந்துவிட்டால் விலை எங்கே திரும்பினாலும் அங்கே ஏதோ ஒரு பெட்டி இருக்கும். அப்போது அந்தப் பெட்டிகள் எதையும் சொல்லவில்லை என்றுதான் பொருள்.

உடைந்ததா, ஏமாற்றியதா?

மேலே சொன்ன இரண்டு நாள் முடிவு விதியை நான் விரும்புவதற்குக் காரணம், ஒரு நாள் முடிவு மட்டும் அடிக்கடி ஏமாற்றுகிறது. முதல் நாள் வெளியே முடியும், மறுநாளே உள்ளே திரும்பிவிடும். இரண்டாம் நாளுக்குக் காத்திருப்பதிலும் ஒரு நஷ்டம் உண்டு. விலை அதற்குள் ஜோனைவிட்டு வெகுதூரம் போயிருக்கலாம், இந்தச் சார்ட்டிலேயே 494 என்பது விளிம்பைவிட ஒரு ஏடிஆர் மேலே. எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, எல்லாச் சார்ட்டுக்கும் அதையே பயன்படுத்துங்கள்.

போலி உடைப்பு வந்தால் ஜோன் அப்படியே இருக்கட்டும். உடல்கள் ஜோனுக்குள்ளேயே வாரக்கணக்கில் மேலும் கீழும் உலவத் தொடங்கினால் கதை வேறு. அங்கே விலையை மறுப்பவர்கள் யாரும் இல்லை, அது சாதாரணமாக வர்த்தகம் நடக்கும் இடமாகிவிட்டது. அந்தப் பெட்டியை அழித்துவிடலாம். நிறுவனத்தின் காலாண்டு முடிவு வந்து விலை ஜோனைத் தாவிக் குதித்து மறுபக்கம் தொடங்கும் நாளிலும் எந்தப் பெட்டியாலும் ஒன்றும் செய்ய முடியாது. குறைந்த அளவில் வர்த்தகமாகும் பங்குகளில் ஒரே ஒரு பெரிய ஆர்டர் நீளமான விக்கை உண்டாக்கிவிடும், அங்கே இந்த விதிகள் நம்பகமாக வேலை செய்யாது.

வரைந்ததைச் சோதிப்பது

நடந்து முடிந்த சார்ட்டில் வரைந்த ஜோன் எப்போதும் அழகாகவே தெரியும், திருப்பங்களைப் பார்த்துவிட்டுத்தானே வரைந்தோம். எனவே வலப்பக்கத்து ஆறு மாதங்களை மறைத்துவிட்டு வரையுங்கள். பல சார்ட் தளங்களில் கேண்டில்களை ஒவ்வொன்றாக மீண்டும் ஓட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. பிறகு ஒவ்வொரு கேண்டிலாகத் திறந்து, விலை ஜோனுக்கு வந்தபோதெல்லாம் இரண்டு ஏடிஆர் தூரம் திரும்பிப் போனதா அல்லது வெளியே இரண்டு நாள் முடித்ததா என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இதோடு நிறுத்தினால் பாதி சோதனைதான். அதே சார்ட்டில், அதே அகலத்தில், கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சில விலைகளில் பெட்டிகள் போடுங்கள். அவற்றுக்கும் அதே கணக்கை எழுதுங்கள். விலை எங்கேயாவது திரும்பிக்கொண்டேதான் இருக்கும், அதனால் இஷ்டத்துக்குப் போட்ட பெட்டிகளும் சில முறை ‘வேலை செய்யும்’. உங்கள் ஜோன்கள் அவற்றைவிடத் தெளிவாக அதிகமான முறை விலையைத் திருப்பியிருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. ஒரே சார்ட்டை வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. இருபது முப்பது சார்ட்டுகளிலாவது செய்து பார்க்க வேண்டும். வித்தியாசம் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும்: இரண்டு ஏடிஆர் விலகாத சின்னத் திருப்பங்களையும் சேர்த்திருப்பீர்கள், அல்லது மறைத்த பகுதியைத் திறந்த பிறகு விளிம்பைக் கொஞ்சம் நகர்த்தியிருப்பீர்கள். இரண்டும் இல்லாமலே வித்தியாசம் வரவில்லை என்றால், அந்தச் சார்ட்டுகளில் இந்த ஜோன்களை நம்பிப் பணம் போடாதீர்கள்.

வாரம் ஒரு முறை

வரைந்த பெட்டிகளை நாள்தோறும் தொடாதீர்கள். வாரத்தின் கடைசி வர்த்தக நாள் முடிந்த பிறகு ஒரு முறை பாருங்கள். புதிய திருப்பம் உறுதியாகியிருந்தால் விதிப்படி விளிம்புகளை மறுபடி கணக்கிடுங்கள், எண் மாறினால் மட்டும் நகர்த்துங்கள். ஒவ்வொரு பெட்டியின் ஓரத்திலும் வரைந்த தேதி, இரு விளிம்புகளின் விலை, அன்றைய ஏடிஆர் மூன்றையும் எழுதி வையுங்கள். ஏடிஆர் பின்னால் இரட்டிப்பானால், அமைதியான காலத்தில் 9 புள்ளி அகலத்தில் வரைந்த பெட்டி இப்போது அரை நாள் ஆட்டத்துக்குக்கூடப் போதாது என்பது அந்தக் குறிப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்போது புதிய ஏடிஆரை வைத்து விக் ஒதுக்கும் விதியை மீண்டும் ஓட்டுங்கள். முன்பு 11 என்றிருந்த ஏடிஆர் 22 ஆகியிருந்தால் அரை ஏடிஆர் என்பது 11 புள்ளி. ஐந்தாம் மாதத்தில் ஒதுக்கிய 492 என்ற விக்கின் 9 புள்ளி மீறல் இப்போது வரம்புக்குள் வந்துவிடுகிறது, பெட்டி 474 முதல் 492 வரை விரிகிறது. அகலம் 18 புள்ளி, புதிய ஏடிஆரில் அதே 0.8.